கரும்புகையாகக் கரையும் பணம்

செங்கல் சூளையின் புகைபோக்கியிலிருந்து எழும் கரும்புகை, முழுமையாக எரியாத எரிபொருளின் அடையாளம். உரிமையாளர் காசு கொடுத்து வாங்கிய நிலக்கரியின் ஒரு பகுதி, செங்கல்லைச் சுடாமலேயே காற்றில் கலந்து ஊராரின் நுரையீரலைச் சென்றடைகிறது.

வட இந்தியாவிலும் வங்கதேசத்திலும் நெடுங்காலம் பரவியிருந்தது, 19-ஆம் நூற்றாண்டில் புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் வகுத்த அகழிச் சூளை. நீள்வட்ட அகழியில் பச்சைக்கற்களை அடுக்கி, மேற்புறத் துளைகள் வழியே நிலக்கரியைப் போடுவார்கள். கற்கள் அசையாதிருக்க, நெருப்புதான் அகழியைச் சுற்றி நகரும். வெந்த கற்களின் சூட்டை வாங்கிக்கொண்டு காற்று நெருப்பை அடைகிறது; அங்கிருந்து வெளியேறும் வெப்பக்காற்று முன்னாலுள்ள பச்சைக்கற்களை உலர்த்துகிறது. சிக்கனமான ஏற்பாடுதான்.

குறை இரண்டு இடங்களில் இருக்கிறது. காற்று நேர்க்கோட்டில் செல்வதால் எரிபொருளோடு நன்கு கலப்பதில்லை. மேலும், தொழிலாளர்கள் சில நிமிடங்களில் நிலக்கரியை மொத்தமாகக் கொட்டிவிட்டு நெடுநேரம் காத்திருக்கிறார்கள். கொட்டிய வேளையில் அதை எரிக்கப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல், கரித்துகளும் கார்பன் மோனாக்சைடும் வெளியேறுகின்றன.

'ஜிக்ஜாக்' சூளையில் மாறுவது முதன்மையாகக் கற்களை அடுக்கும் முறைதான். கற்கள் அறை அறையாக அடுக்கப்பட்டு, ஓர் அறைக்கு இடப்புறமும் அடுத்ததற்கு வலப்புறமும் வழி விடப்படுகிறது. வளைந்து வளைந்து செல்லும் காற்று சுழன்று எரிபொருளோடு கலக்கிறது. பாதை நீள்வதால் வெப்பம் கற்களில் கூடுதலாக இறங்குகிறது. அந்தக் காற்றை இழுக்க உயரமான புகைபோக்கியோ மின்விசிறியோ தேவை. நிலக்கரியைச் சிறிய கரண்டியால், சிறிது சிறிதாக, இடைவிடாமல் இடவேண்டும்.

இந்தக் கடைசி நிபந்தனையே பெரும்பாலும் மறக்கப்படுகிறது. வங்கதேசத்தில் பல சூளைகள் ஜிக்ஜாக் வடிவத்துக்கு மாறியும், பழைய பழக்கத்திலேயே இயங்கின. 2022-23 பருவத்தில் அங்கே 276 சூளைகளில் நடந்த ஆய்வு, உரிமையாளர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சரியான அடுக்குமுறையையும் எரிபொருள் இடும் முறையையும் கற்பித்தது. சட்டத்தின் கட்டாயமின்றியே ஏறத்தாழ 65 சதவீதத்தினர் அவற்றைக் கடைப்பிடித்தனர். கடைப்பிடித்த சூளைகளில் எரிசக்திச் செலவு ஏறத்தாழ 23 சதவீதம் குறைந்தது. முதல்தரக் கற்களும் கூடுதலாகக் கிடைத்தன. தூய காற்றும் உரிமையாளரின் இலாபமும் ஒரே திசையில் செல்வது பொருளியலில் அரிது.

எனினும், ஜிக்ஜாக் சூளையும் நிலக்கரியையே எரிக்கிறது. நிலக்கரியிலுள்ள கந்தகத்தை எந்த அடுக்குமுறையும் நீக்காது. மிச்சமாகும் பணம் உரிமையாளருக்குச் செல்ல, இடைவிடாமல் கரி இடும் உழைப்போ தொழிலாளியின் தலையில் விழுகிறது.

இந்தியாவில் சூளைகள் ஜிக்ஜாக் போன்ற முறைகளுக்கு மாறவேண்டும் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2022-இல் அறிவிக்கை வெளியிட்டது. ஆய்வுக்குச் செல்லும் அதிகாரி சூளையின் வடிவத்தை மட்டும் பார்த்துத் திரும்பிவிடக் கூடாது. கரி இடும்போதெல்லாம் கரும்புகை எழுகிறதா என்று சற்றுநேரம் நின்று கவனிக்க வேண்டும். எழுந்தால், மாறியது அகழி மட்டுமே.