தலைமுடிக்கு மணம் வேண்டும், வறட்சி வேண்டாம்

பீடோங் பக்கத்துத் தோட்டத்தில் நான் வளர்ந்தபோது, பாட்டி விடியற்காலையில் பால் வெட்டக் கிளம்புமுன் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்து இறுக்கமாகக் கொண்டை போட்டுக்கொள்வார். மதியம் திரும்பி வரும்போது உடம்பெல்லாம் ஒட்டுப்பால் வாடை. ஆனால் குளித்து முடியை விரித்துவிட்டால் மல்லிகை மணக்கும். அந்த எண்ணெயைப் பாட்டி கடையில் வாங்கவில்லை என்பது எனக்கு வெகுகாலம் தெரியாது.

எனக்கு வேலை சுங்கை பட்டாணியில். தினமும் மோட்டார்தான். வெயிலில் ஹெல்மெட்டைக் கழற்றினால் தலை புழுங்கி ஒரு நாற்றம் அடிக்கும். அலுவலக வாசலில் நின்று கைப்பையில் இருக்கும் பெர்ஃப்யூமை முடியில் நாலு முறை அடித்துக்கொண்டு உள்ளே போவேன். சில மாதங்கள் இப்படியே ஓடின. பிறகு சீப்பு நடுவில் சிக்க ஆரம்பித்தது. நுனி முடி தென்னந்துடைப்பம் மாதிரி விறைத்து நின்றது. நான் ஏற்கெனவே ரிபாண்டிங் செய்தவள். முடி வெட்டும் அக்கா நுனியை விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: “தங்கச்சி, இதுல என்ன அடிக்கிற?”

உடம்புக்கு அடிக்கும் பெர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால். வாசனை எண்ணெய்களைக் கரைத்து, அடித்தவுடன் பறந்து போவதற்காகவே அதைச் சேர்க்கிறார்கள். எண்ணெயைக் கரைக்கும் அந்தக் குணம்தான் முடிக்கு ஆகாது. முடியின் மேல்தோல் மீன் செதிலைப் போல அடுக்கடுக்காக இருக்கும். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் மெல்லிய படலமாக அதன்மேல் படிந்து, செதில்களை வழுக்கலாக வைத்திருக்கிறது. ஆல்கஹால் பட்டால் படலம் கரைந்து இடம் மாறுகிறது. சீப்பும் துண்டும் அதை வழித்துக்கொள்கின்றன. பிறகு முடியோடு முடி உரசிச் சிக்கு விழுகிறது, நுனி பிளக்கிறது.

வேர்ப் பக்கத்தில் எண்ணெய் மறுபடி சுரந்துவிடும். நுனிக்கு அந்த வாய்ப்பு இல்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. இடுப்பைத் தொடும் கூந்தலின் நுனிக்கு நாலைந்து வயது ஆகியிருக்கும். அவ்வளவு வெயிலும் சோப்பும் பார்த்த முடி அது. கல்யாணத்துக்கு ஒருநாள் அடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. தினமும் அடிப்பதுதான் தொல்லை, அதிலும் சாயம் போட்ட முடிக்கும் ரிபாண்டிங் செய்த முடிக்கும்.

கடையில் ‘ஹேர் மிஸ்ட்’ என்று விற்பதெல்லாம் பாதுகாப்பானது என்றும் நினைத்துவிட வேண்டாம். பாட்டிலின் பின்புறத்தைப் பாருங்கள். முதல் இரண்டு பெயர்களுக்குள் ‘ஆல்கஹால் டினாட்’ இருந்தால் அதுவும் பெர்ஃப்யூமின் தங்கச்சிதான். ‘செட்டைல் ஆல்கஹால்’, ‘செட்டியரைல் ஆல்கஹால்’ என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அவை மெழுகு போன்ற கொழுப்புப் பொருள்கள். கண்டிஷனரில் முடியை மென்மையாக்கவே சேர்க்கிறார்கள்.

நான் முதலில் செய்தது ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்றித் துவைத்துக் காயவைத்ததுதான். நாற்றத்தில் பாதி அதில்தான் இருந்தது. வியர்த்த முடிமேல் பெர்ஃப்யூம் அடித்தால் வியர்வையும் வாசனையும் கலந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் பிறக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து, அம்மாவிடம் பாட்டியின் எண்ணெயைப் பற்றிக் கேட்டேன். “அடுப்பே வேணாம்டி, பூவே வேலையைப் பார்த்துக்கும்” என்றார். மல்லிகை மொட்டு பறித்த பிறகும் இரவெல்லாம் மலர்ந்து மணத்தை விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மணத்தை எண்ணெய் பிடித்து வைத்துக்கொள்ளும். சூடு காட்டினால் பூ வெந்து வைக்கோல் வாடை வந்துவிடும். உத்தரப் பிரதேசத்தில் சமேலி எண்ணெய் செய்பவர்கள் எள்ளையும் மல்லிகையையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை மாற்றி மாற்றி வைத்து, கடைசியில்தான் அந்த எள்ளை ஆட்டுவார்கள். சூத்திரம் ஒன்றுதான்.

மாலையில் இரண்டு கைப்பிடி மொட்டு வாங்கினேன். பூக்கடையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள் என்பதால் துணியில் பரப்பி, மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலரவிட்டேன். அகன்ற வாய்க் கண்ணாடி ஜாடியில் 200 மில்லி தேங்காய் எண்ணெய் ஊற்றி மொட்டுகளை அமிழ்த்தி, வாயை மெல்லிய துணியால் கட்டினேன். மறுநாள் காலை வடிகட்டினேன். பூவைப் பிழியக் கூடாது, பிழிந்தால் அதன் நீர் எண்ணெயில் இறங்கிவிடும். அன்று மாலை அதே எண்ணெயில் புதுப்பூ. இப்படி ஆறு இரவுகள்.

முதல் முறை பாழாகிவிட்டது. அவசரத்தில் ஈரப் பூவைப் போட்டேன். நாலாம் நாள் எண்ணெய் கலங்கி, அடியில் நீர் தேங்கி, புளித்த வாடை வந்தது. அப்படி வந்தால் காய்ச்சிக் காப்பாற்றப் பார்க்காமல் கொட்டிவிடுங்கள். நல்ல எண்ணெய் தெளிவாக இருக்கும். ஆனால் குளிர்சாதன அறையில் வைத்துவிட்டு உறைந்ததைப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறையும். ஆறு இரவுக்குப் பிறகு ஒரு நாள் அசையாமல் வைத்து, மேலே தெளிந்ததை மட்டும் இருண்ட நிறப் பாட்டிலில் ஊற்றி வைத்தேன். இரண்டு மாதத்துக்குள் தீர்த்துவிடுவது நல்லது.

பூவுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் காய்ந்த வெட்டிவேரை எண்ணெயில் ஒரு வாரம் ஊறவைக்கலாம். அதில் ஈரம் இல்லாததால் கெடும் அச்சமும் குறைவு. கடையில் விற்கும் வாசனைத் தைலங்கள் கெட்டியானவை. 100 மில்லி எண்ணெய்க்குப் பத்துச் சொட்டுக்கு மேல் வேண்டாம். எந்த மணமானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் தடவி இரண்டு நாள் பாருங்கள். இயற்கைப் பொருளும் சிலருக்கு அரிக்கும். முடிக்குப் போட்டது பெரும்பாலும் நெற்றியிலும் காதோரத்திலும் கழுத்திலும்தான் தடித்துக் காட்டும்.

தேங்காய் எண்ணெயையே ஏன் எடுத்துக்கொண்டேன் என்றால், 2003இல் இந்திய ஆய்வாளர்கள் அதை மினரல் ஆயில், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றோடு ஒப்பிட்டார்கள். முடியின் புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அது முடிக்குள் இறங்கக்கூடியது. கடையில் மணக்கும் எண்ணெய்கள் பலவற்றில் அடிப்படை மினரல் ஆயில்தான். அது விஷமில்லை. மேலே பளபளப்பாக நிற்கும், அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

இப்போது காலையில் மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழே இருக்கும் முடியில் மட்டும் தடவுகிறேன். தலைத்தோலில் படவிடுவதில்லை; பொடுகு உள்ளவர்களுக்கு எண்ணெய் அதைக் கூட்டிவிடும். பெர்ஃப்யூமை நான் அடியோடு விடவில்லை. விசேஷ நாளில் சீப்பில் ஒருமுறை அடித்து, ஒரு நிமிடம் காற்றில் பிடித்து, ஆல்கஹால் பறந்த பிறகு சீவிக்கொள்கிறேன். அடித்த கையோடு விளக்கேற்றவோ, முடி நீட்டும் சூட்டுக் கருவியைப் பிடிக்கவோ கூடாது. ஆல்கஹால் தீப்பற்றும்.

வெள்ளிக்கிழமை எங்கள் கெடாவில் விடுமுறை. அன்று தலை முழுகினால் அம்மா தணலில் சாம்பிராணி போட்டுக் கூடையைக் கவிழ்ப்பார். மலாய்க்காரர்கள் கெமெஞான் என்று சொல்வதும் இதைத்தான். எதிர்க்கரையான சுமத்ராவில் விளையும் மரப்பிசின். அரை ஈர முடியைக் கூடைமேல் இரண்டு நிமிடம் விரித்தால் மறுநாளும் மணம் நிற்கும். புகை புகைதான் என்பதால், ஆஸ்துமா உள்ள என் தம்பியை அந்த நேரம் வெளியே அனுப்பிவிடுவோம்.

பிளந்த நுனி ஒட்டாது. நாலு அங்குலம் வெட்ட வேண்டியிருந்தது. போன மாதம் அதே அக்காவிடம் போனபோது, நுனியைத் தேய்த்துப் பார்த்துவிட்டு இந்த முறையும் என்ன போடுகிறேன் என்றுதான் கேட்டார். அடுத்த முறை அவருக்கும் ஒரு சின்ன பாட்டில் கொண்டுபோக வேண்டும்.