1914-க்கு அடுத்த வரி

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா ஊரில், ராஜவாடா என்ற பழைய அரண்மனையில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி நடந்துவந்தது. இன்று அதன் பெயர் பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி. அதன் சேர்க்கைப் பதிவேட்டில் 1900 நவம்பர் 7 அன்று, 1914 என்ற எண்ணில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனின் பெயர் ஏறியது: பிவா ராம்ஜி அம்பேத்கர்.

அந்த ஏட்டை ஓய்வுபெற்ற குமாஸ்தா ஒருவர் புரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியும் பதிவேடும் நிஜம், குமாஸ்தா மட்டும் நம் கற்பனை. தாத்தா அங்கே படித்ததாக வீட்டில் சொல்லக் கேட்டிருக்கிறார். தேடிப் போனால், 1915-இல் தாத்தாவின் பெயர்! 'அம்பேத்கரும் எங்கள் தாத்தாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவர்கள்' என்று அன்று மாலையே தெருவெல்லாம் சொல்லிவிடத் துடிக்கிறார்.

ஆனால் முப்பது வருஷம் பதிவேடு எழுதிய கை அல்லவா, அவசரப்படாது. மேலே இருப்பது அந்த அம்பேத்கர்தானா? பீம்ராவ் என்று தேடினால் கிடைக்கமாட்டார். சக்பால் என்ற குடும்பப் பெயரிலும் கிடைக்கமாட்டார். சின்ன வயதுப் பெயரான பிவாவையும், தகப்பனார் பெயரான ராம்ஜியையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் பிடிபடும். அடுத்தது வகுப்பு. சேர்க்கை எண் வந்து சேர்ந்த வரிசையைத்தான் காட்டும். முன்னால் நின்ற பையன் முதல் வகுப்பிலும், பின்னால் நின்றவன் நான்காம் வகுப்பிலும் சேர்ந்திருக்கலாம். பிவா சேர்ந்தது ஆங்கில முதல் வகுப்பு. தாத்தாவுக்கும் அதே வகுப்பு என்றே இருக்கட்டும்.

அப்போதும் 'பக்கத்தில்' என்பது நிற்காது. அந்தப் பள்ளி நாட்களை அம்பேத்கரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தீண்டத்தகாதவன் என்பதால் வகுப்பின் மூலையில் தனியாக உட்கார வேண்டும். அதுவும் வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத்துண்டில். பள்ளியைப் பெருக்கும் வேலையாள் அந்தச் சாக்கைத் தொடமாட்டான் என்பதால், மாலையில் அதைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போய், மறுநாள் திரும்பக் கொண்டுவர வேண்டும். மற்றப் பையன்கள் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் குழாயைத் திறந்து குடிப்பார்கள். அவனுக்குப் பியூன் வந்து திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது.

குமாஸ்தா ஏட்டை மறுபடி பார்க்கிறார். இரண்டு பெயர்களுக்கும் நடுவே ஒரு மைக்கோடுதான். அந்தச் சாக்கிலிருந்து எத்தனை அடி தள்ளித் தாத்தா உட்கார்ந்தார், குழாயடியில் அவர் என்ன செய்தார் என்பதற்கு எந்தப் பதிவேட்டிலும் பத்தி கிடையாது. வீட்டில் யாரும் சொல்லவும் இல்லை. தெருவில் சொல்ல நினைத்ததை அவர் கொஞ்சம் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது: 'ஒரே பள்ளி, ஒரே வகுப்பு.' அவ்வளவுதான் ஏடு தரும் சாட்சி.

1904 வாக்கில் அம்பேத்கர் குடும்பம் பம்பாய்க்குப் போய்விட்டது. அவர் பள்ளியில் சேர்ந்த நவம்பர் 7-ஐ மகாராஷ்டிர அரசு 2017-இல் மாணவர் தினமாக அறிவித்தது.