பட்டா, பளபளப்பா? தலையணை உறை வாங்கும் முன்...

இணைய அங்காடியில் ‘சில்க்’ தலையணை உறை என்று தேடிப் பாருங்கள். பத்து வெள்ளிக்கும் ஒன்று வரும், எண்பது வெள்ளிக்கும் ஒன்று வரும். படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் மின்னும். முடி சிக்காது, முகத்தில் கோடு விழாது என்ற வாக்குறுதியும் இரண்டுக்கும் கீழே இருக்கும். பத்து வெள்ளி உறையின் விவரத்தைக் கடைசி வரி வரை படித்தால், ‘100 விழுக்காடு பாலியஸ்டர்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருப்பார்கள்.

குழப்பம் பெயரில் தொடங்குகிறது. பட்டு என்பது நூலின் பெயர். சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டு நூலிலும் சாட்டின் நெய்யலாம், பாலியஸ்டர் நூலிலும் நெய்யலாம். ‘சாட்டின் சில்க்’, ‘சில்க்கி சாட்டின்’ என்றெல்லாம் விற்பவர்கள் இந்த இடைவெளியில்தான் பிழைக்கிறார்கள்.

முடிக்கு முக்கியம் நெசவுதான். நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பருத்தி உறையில் ஒவ்வொரு நூலும் ஒன்றின் மேலே, அடுத்ததன் கீழே என்று மாறி மாறிப் போகும். அதனால் துணி முழுக்க நுண்ணிய மேடு பள்ளங்கள். பருத்தி நூலும் குட்டை இழைகளை முறுக்கிச் செய்தது என்பதால் அதன் மேல் பூனைமயிர் போல நுனிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சாட்டின் நெசவில் ஒரு நூல் நான்கு நூல்களைத் தாண்டி, ஐந்தாவதின் கீழே ஒருமுறை இறங்கும். சில வகைகளில் ஏழு நூல்களைக்கூடத் தாண்டும். பட்டும் பாலியஸ்டரும் நீளமான இழைகள் என்பதால் நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளும் இல்லை.

நம் தலைமுடியின் மேற்புறம் கூரை ஓடுகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் அடுக்கியது. தூக்கத்தில் புரளும்போது, சொரசொரப்பான துணி அந்தச் செதில்களைப் பிடித்து நிமிர்த்துகிறது. நிமிர்ந்த செதில்கள் பக்கத்து முடியோடு சிக்குகின்றன. சுருட்டை முடிக்காரர்கள் காலையில் சீப்போடு போராடுவது இதனால்தான். வழவழப்பான சாட்டினில் முடி வழுக்கிப் போய்விடும். இந்த ஒரு வேலையில் பாலியஸ்டர் சாட்டின் பட்டுக்கு அவ்வளவாகச் சளைத்ததில்லை. முடிச்சிக்கு மட்டும்தான் கவலை என்றால் பத்து வெள்ளி உறையே போதும் என்பது என் கருத்து.

ஆனால் உறையை மாற்றினால் முடி கொட்டுவது நிற்குமா? தலையணையில் கிடக்கும் முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு நுனியில் வெள்ளையாக ஒரு சிறு குமிழ் இருந்தால், அது வேரோடு தானாக உதிர்ந்த முடி. ஒரு நாளில் 50 முதல் 100 முடி இப்படி உதிர்வது இயல்பு. அதை எந்தத் துணியும் தடுக்காது. குமிழ் இல்லாமல் குட்டையாகக் கிடந்தால், அது நடுவில் முறிந்தது. உராய்வைக் குறைத்தால் பலன் கிடைப்பது இதில்தான். அப்படியே, ஈர முடி எளிதில் முறியும். இரவு தலைக்குக் குளித்துவிட்டு உலர்த்தாமல் படுப்பவருக்கு விலையுயர்ந்த உறை பெரிதாக உதவாது.

பட்டும் பாலியஸ்டரும் உண்மையில் பிரிவது வியர்வையில். கைபட்டதும் ஜில்லென்று இருப்பது இரண்டுக்கும் பொது. வழவழப்பான துணி தோலோடு நன்றாக ஒட்டி, உடல் சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் வரும் குளிர்ச்சி அது. சிறிது நேரத்தில் துணியும் நம் சூட்டுக்கு வந்துவிடும். அதன் பிறகு ஈரம் எங்கே போகிறது என்பதே கேள்வி. பட்டு தன் எடையில் ஏறத்தாழ 11 விழுக்காடு ஈரத்தை இயல்பாகவே தன்னுள் வைத்திருக்கக்கூடியது. பருத்திக்கு அது 8 விழுக்காடு. பாலியஸ்டருக்கு அரை விழுக்காடுகூட இல்லை. அதாவது, பாலியஸ்டர் இழை வியர்வையை உள்ளே வாங்காது. அது கன்னத்துக்கும் துணிக்கும் நடுவில் பிசுபிசுவென்று நிற்கும்.

என் அக்காள் மகள் ஈசூனில் காற்றாடி போட்டுத் தூங்குபவள், சுருட்டை முடி. பாலியஸ்டர் சாட்டின் வாங்கிய முதல் வாரமே முடி படிந்துவிட்டது என்று மகிழ்ந்தாள். ஆனால், பின்கழுத்து நனைந்து நள்ளிரவில் தலையணையைத் திருப்பிப் போடவேண்டியிருந்தது. அதே உறையில் குளிர்சாதன அறையில் தூங்கும் அவள் தம்பிக்கு எந்தத் தொல்லையும் இல்லை. நம் ஊரில் இரவிலும் வெப்பம் பெரிதாக இறங்குவதில்லை. காற்றில் ஈரமும் அதிகம். எனவே காற்றாடியில் தூங்குபவர் பட்டுக்குச் செலவழிப்பதில் அர்த்தம் உண்டு, குளிர்சாதனத்தில் தூங்குபவர் யோசிக்கலாம். உள்ளே இருப்பது சூட்டைத் தேக்கும் ஃபோம் தலையணை என்றால் பட்டு உறையாலும் ஓரளவுக்குத்தான் முடியும்.

சருமத்தைப் பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். வழுக்கும் துணியில் காலையில் தெரியும் தலையணைக் கோடுகள் குறையும். முதுமைச் சுருக்கமோ பருவோ அதனால் மறையும் என்று நம்பிக் காசைக் கொட்டாதீர்கள். பரு உள்ளவர்கள் எந்த உறையானாலும் வாரம் ஒருமுறையாவது துவைப்பது அதைவிட முக்கியம். இரவில் தேங்காய் எண்ணெய் வைத்துப் படுக்கும் வீடுகளில் பட்டு வேண்டவே வேண்டாம். கறை போகாது.

பட்டுதான் என்று முடிவெடுத்தால், அட்டையில் ‘மொம்மே’ என்ற அளவைப் பாருங்கள். பட்டுத்துணியின் கனத்தைச் சொல்லும் ஜப்பானிய அளவு அது. ஒரு மொம்மே என்றால் சதுர மீட்டருக்குச் சுமார் 4.34 கிராம். 19 முதல் 25 வரை தலையணைக்கு ஏற்றது. வீட்டுச் சமையல் தராசிலேயே இதைச் சரிபார்க்கலாம். 50க்கு 75 சென்டிமீட்டர் உறையில் இருபுறமும் சேர்த்து முக்கால் சதுர மீட்டர் துணி இருக்கும். 22 மொம்மே என்றால் சுமார் 72 கிராம். மடிப்பும் தையலும் சேர்ந்து 80 கிராம் அளவில் வரவேண்டும். 55 கிராம் காட்டினால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

எடை சரியாக இருந்தாலும் பட்டு என்று உறுதியாகாது. பாட்டிமார் பட்டுச்சேலைக்குச் செய்த சோதனையே இதற்கும். உள்மடிப்பின் ஓரத்தில் துணியிலிருந்தே ஓர் இழையை உருவுங்கள். தையல் நூலை எடுத்துவிடாதீர்கள், அசல் பட்டு உறையிலும் அது பாலியஸ்டராக இருக்கக்கூடும். இடுக்கியால் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே கொளுத்துங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

பட்டு புரதம் என்பதால், கறைநீக்கும் என்சைம் கலந்த சலவைத்தூள் அதையும் அரிக்கும். என்சைம் இல்லாத மென்மையான சோப்பு, குளிர்ந்த நீர், நிழலில் உலர்த்தல் இவை போதும். கீழ்வீட்டுக்கு நேரே வெயிலில் கம்பில் நீட்டினால் வெள்ளைப் பட்டு விரைவில் மஞ்சளாகும். இரண்டு வகை உறையையும் கழற்றும்போது கம்மல், நகம், ஜிப் ஆகியவற்றைக் கவனியுங்கள். நீளமாக மிதக்கும் சாட்டின் நூல் ஒன்று இழுபட்டாலும் அந்த இடம் சொரசொரக்கும். எப்போதாவது புறங்கையால் தடவிப் பாருங்கள். இழை பிடித்தால், அந்தப் பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.