குக்கி பெருத்தால் கதவு அடைபடும்: 400, 502 எனும் பிழைகளின் காரணம்

ஒரே அலுவலகத்தில் இருவர் ஒரே இணையதளத்தைத் திறக்கின்றனர். ஒருவருக்குப் பக்கம் வருகிறது; மற்றவருக்கு, நேற்றுவரை வந்த பக்கத்திற்குப் பதிலாகக் கீழ்க்கண்ட வரிகள் மட்டுமே வருகின்றன.

```
400 Bad Request
Request Header Or Cookie Too Large
nginx
```

எத்தனை முறை மீண்டும் திறந்தாலும் பயனில்லை. இணைப்பிலோ கணிப்பொறியிலோ கோளாறு இருப்பதாகப் பலர் எண்ணுவர். அவ்வாறன்று, அவருடைய பிரௌசர் ஒவ்வொரு முறையும் சுமந்து செல்லும் மூட்டை, வாயில் அனுமதிக்கும் அளவை மீறிவிட்டது.

அம்மூட்டையே குக்கி எனப்படுவது. சர்வர் பிரௌசரிடம் கொடுத்துவைக்கும் சிறு குறிப்பு இது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மொந்துல்லி என்பவர் இதனை வகுத்தார். ஒரு தளம் தந்த குறிப்புகள் யாவும், அத்தளத்திற்குச் செல்லும் ஒவ்வொரு கோரிக்கையின் தலைப்பகுதியிலும் பொதுவாக ஒரே வரியாகக் கோக்கப்பட்டுத் திரும்பச் செல்லும். 2011-ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஒவ்வொன்றும் 4,096 பைட்டு வரை உள்ள 50 குக்கிகளையேனும் ஒரு தளத்திற்காகப் பிரௌசர் ஏற்கவேண்டும். ஆனால் nginx என்னும் சர்வர் நிரல், வேறு கட்டளை இல்லாதவரை, தலைப்பகுதியின் ஒரு வரிக்கு 8,192 பைட்டு இடமே தருகிறது. முழு அளவுள்ள இரண்டு குக்கிகளே அவ்வரியை நிரப்பிவிடும். வரியின் பெயருக்கும் இடையிலுள்ள குறிகளுக்கும் இடமிராது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே அளவுகோலைக் கொள்ளாததே இத்தொல்லையின் வேர்.

தமிழில் எழுதுவோர் இவ்வெல்லையை விரைவில் எட்டுகின்றனர். குக்கியில் ஆங்கில எழுத்துக்களும் எண்களும் சில குறிகளுமே இடம்பெறலாம். ஆதலால் தமிழ்ச் சொற்கள் வழக்கமாகக் குறியீடாக மாற்றி வைக்கப்படுகின்றன. ‘ர’ என்னும் ஓர் எழுத்து இவ்வாறாகிறது:

```
%E0%AE%B0
```

ஓர் எழுத்துக்கு ஒன்பது பைட்டு. உயிர்மெய்யின் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். சித்தூர் மாவட்டத்து ராமகுப்பத்தை எடுத்துக்கொள்வோம். Ramakuppam என்று எழுதினால் 10 பைட்டு. ‘ராமகுப்பம்’ என்று எழுதினால் பத்துக் குறிகள், 90 பைட்டு. தெலுங்கிலும் ஒவ்வொரு குறிக்கும் இதே கணக்குத்தான்.

களப்பணியாளர் ஒருவர் பார்வையிட்ட ஊர்களின் பெயர்களை ஒரு தளம் குக்கியில் சேர்த்துவருகிறது என்று கொள்வோம். ஊர்ப்பெயர் 90 பைட்டு, பிரிக்கும் குறி 3 பைட்டு. புகுபதிவுச் சான்று, ஒரே தாய்ப்பெயரின் கீழுள்ள பிற தளங்கள் வைத்த குக்கிகள் முதலியவை 6,000 பைட்டு. இருபத்துமூன்று ஊர்கள் வரை மொத்தம் 8,139, தளம் திறக்கும். இருபத்துநான்காவது ஊர் சேர்ந்ததும் 8,232, கதவு அடைபடும். அதே ஊர்களை ஆங்கில எழுத்தில் பதிந்த நண்பருக்கோ 6,312 பைட்டே ஆவதால் தடையில்லை. அடைபட்ட பின்னர், அக்குக்கியை நீக்கும் கட்டளையைத் தளம் அனுப்பவும் வழியில்லை. ஏனெனில் கோரிக்கை உள்ளேயே செல்வதில்லை.

502 Bad Gateway என்பது சற்று வேறு. பல தளங்களில் முன்வாயில் சர்வர் ஒன்றும், அதன் பின்னால் வேலை செய்யும் சர்வர் ஒன்றும் உண்டு. பின்னது பெரிய குக்கிகளைப் பதிலோடு அனுப்பும்போது, அப்பதிலின் தலைப்பகுதி முழுவதும் முன்வாயிலின் சிறு இடத்தில் அடங்கவேண்டும். இவ்விடம் பெரும்பாலும் 4,096 பைட்டே. அடங்காவிடில் 502 தோன்றும். சர்வரின் பதிவேட்டில் இவ்வரி காணப்படும்:

```
upstream sent too big header while reading response header from upstream
```

முன்வாயில் பெரிய கோரிக்கையை ஏற்று உள்ளே அனுப்ப, பின்னுள்ள சர்வர் அதனைத் தாங்காது இணைப்பைத் துண்டித்தாலும் 502 தான் வரும்.

இவற்றைப் பிரித்தறிவது எளிது. குக்கி எதுவுமற்ற மறைநிலைச் சாளரத்தில் அதே தளத்தைத் திறந்து பார்க்கவேண்டும். அங்குத் திறந்தால் பழுது சேர்ந்துவிட்ட குக்கிகளில் உள்ளது. பிரௌசரின் அமைப்புகளில் அத்தளத்தின் தரவை மட்டும் நீக்கினால் போதும். அனைத்தையும் அழித்துப் பிற தளங்களின் புகுபதிவையும் இழக்கவேண்டியதில்லை. அங்கும் முகப்பு திறந்து, கடவுச்சொல் கொடுத்த உடனே 502 வருமாயின், பதிலே பெருத்துள்ளது எனப் பெரிதும் ஐயுறலாம். அப்போது பயனர் எதை நீக்கினாலும் தீராது. நிர்வாகியே பதிவேட்டைப் பார்க்கவேண்டும். முகப்பே எல்லோருக்கும் 502 காட்டினால் சர்வர் நின்றுவிட்டதென்பதே பெரும்பாலும் காரணம்.

நிர்வாகிகள் வழக்கமாக முதலில் செய்வது எல்லையை உயர்த்துவது:

```
large_client_header_buffers 4 16k;
proxy_buffer_size 8k;
```

முதல்வரி கோரிக்கைக்கு, இரண்டாவது பதிலுக்கு. ஆயினும் பின்னுள்ள சர்வரின் எல்லையும் உடன் உயராவிடில், பிழை ஒரு வாயிலிலிருந்து அடுத்த வாயிலுக்கு நகர்ந்ததாகவே முடியும். ஊர்ப்பட்டியலைச் சர்வரிலேயே வைத்துக்கொண்டு, அதனைக் கண்டெடுக்கும் சிறு எண் ஒன்றை மட்டும் குக்கியில் வைத்தால், இருபத்துநான்கு ஊர்களானாலும் இருநூறானாலும் கோரிக்கையின் அளவு மாறாது.