கடைசிச் செய்தியை முதலில் எழுதுங்கள்

வீட்டிலேயே பலகாரம் செய்யும் ஒருவர் தீபாவளிக்கு வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. வெளியூர்ப் பார்சல்கள் 4ஆம் தேதி புதனன்று கூரியரில் ஏறிவிட்டால் நிம்மதி. பலகாரம் சுட்டு, ஆறவைத்து, பெட்டி கட்ட இரண்டு நாள் வேண்டும். ஆகவே நவம்பர் 1, ஞாயிறு இரவு 9 மணியோடு ஆர்டரை மூட வேண்டும். அவரால் செய்ய முடிந்தது 80 பெட்டி.

தேதியும் எண்ணிக்கையும் தெரிந்துவிட்டதால் கடைசிச் செய்தியை இப்போதே எழுதிவிடலாம்: “இன்று இரவு 9 மணி வரைதான் ஆர்டர். இன்னும் ... பெட்டி இருக்கிறது.” எண்ணை மட்டும் அன்று நிரப்பினால் போதும். சனிக்கிழமையே 80 பெட்டியும் போய்விட்டால் அனுப்ப, “முடிந்துவிட்டது, நன்றி” என்று இன்னொன்றும் தயாராக இருக்கட்டும். ஞாயிறன்று அடுப்பு வேலைக்கு நடுவே வாசகம் யோசிக்க முடியாது.

இங்கிருந்து பின்னோக்கி வாருங்கள். அக்டோபர் 26, திங்கள்: டீசர். விலை வேண்டாம், ஆர்டர் எண்ணும் வேண்டாம். “இந்த வருஷப் பெட்டியில் அதிரசமா, ரவா லட்டா?” என்று ஒரே கேள்வி. பிராட்காஸ்டில் அனுப்புவது, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்குத்தான் போகும். எனவே எத்தனை பேர் பதில் போடுகிறார்கள் என்பதிலேயே உங்கள் பட்டியல் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

புதன் காலை அறிமுகம். விலை, எடை, உள்ளே என்னென்ன, பணம் கட்டும் வழி, கடைசி நாள் எல்லாம் இந்த ஒரே செய்தியில் வர வேண்டும். கடைசி நாளை இங்கே சொல்லாமல் ஞாயிறன்று திடீரென்று சொன்னால் மிரட்டுவது போல் இருக்கும்.

பலர் சறுக்குவது நினைவூட்டலில்தான். புதன் செய்தியையே மேலே “மறந்துவிடாதீர்கள்” என்று ஒட்டி மறுபடி அனுப்புகிறார்கள். புதனுக்குப் பிறகு வந்த கேள்விகளைப் பாருங்கள். “எத்தனை நாள் கெடாது?”, “நெய்யா, டால்டாவா?” என்று நாலு பேர் கேட்டிருந்தால், வாங்காமல் தயங்கும் நாற்பது பேருக்கும் அதே சந்தேகம்தான். அதற்கான பதில்தான் நினைவூட்டல். சனி மாலை அனுப்பலாம். மாதக் கடைசி, பலருக்குச் சம்பளம் வரும் நேரம். பணம் கட்டியவர்களுக்கு மட்டும் இது போகவே கூடாது. “நான்தான் கட்டிட்டேனே, வரலையா?” என்று பதறிப்போய்ப் போன் செய்வார்கள். வாட்ஸ்அப் பிசினஸில் அவர்களுக்கு லேபிள் போட்டு, பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

ஞாயிறு இரவு 10 மணிக்கும் யாராவது கேட்பார்கள். “அன்பர்கள் வேண்டுகோளுக்கிணங்க” ஒருநாள் நீட்டிப்பதும் உண்டு. என்னைக் கேட்டால் கூடாது. நீட்டித்தால் அடுத்த வருஷம் 9 மணியை யாரும் நம்ப மாட்டார்கள். தாமதமாகக் கேட்டவர்களின் பெயரைத் தனியாகக் குறித்து வைத்துக்கொண்டு, அடுத்த தீபாவளி டீசரை அவர்களுக்கு ஒருநாள் முன்னதாக அனுப்பலாம்.