72 எப்படி 20 ஆகிறது?

மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் காரில் ஓட்டுநர் பிரேக் பிடிக்கிறார். எதிர்முடுக்கம் 5 மீ/வி². கார் எவ்வளவு தூரம் ஓடி நிற்கும்? ஒன்பதாம் வகுப்பு இயற்பியலில் அடிக்கடி வரும் கணக்கு இது. சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்: v² = u² + 2as. கார் நின்றுவிடுவதால் v பூஜ்யம். ஆகவே தூரம் என்பது u²-ஐ 2a-ஆல் வகுத்தால் வருவது.

பல பிள்ளைகள் u-வின் இடத்தில் 72-ஐ அப்படியே போட்டுவிடுகிறார்கள். 5184-ஐ 10-ஆல் வகுத்து 518.4 மீட்டர் என்று விடை எழுதுகிறார்கள். பிரேக்கை அழுத்திப் பிடித்த கார் அரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுமா? சாலையைப் பார்த்திருக்கிற எந்தப் பிள்ளைக்கும் இந்த விடை உறுத்தியிருக்க வேண்டும்.

முடுக்கம் மீட்டரும் விநாடியும் பேசுகிறது. வேகமோ கிலோமீட்டரும் மணியும் பேசுகிறது. கணக்கில் இறங்குவதற்கு முன் இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும். 72 கிலோமீட்டர் என்றால் 72,000 மீட்டர். ஒரு மணி நேரம் என்றால் 3,600 விநாடி. 72,000-ஐ 3,600-ஆல் வகுத்தால் 20. கார் விநாடிக்கு 20 மீட்டர் போகிறது. இப்போது 400-ஐ 10-ஆல் வகுத்தால் 40 மீட்டர். அதுதான் சரியான விடை.

வகுப்பில் சொல்லித்தரும் 5/18 இந்த 1000/3600-இன் சுருக்கமே தவிர வேறில்லை. இது எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் மனப்பாடம் செய்தவர்கள்தான் தேர்வில் அதைத் தலைகீழாக்கி 18/5-ஆல் பெருக்குகிறார்கள். அப்படிச் செய்தால் 72 என்பது விநாடிக்கு 259 மீட்டர் ஆகிவிடும். அது பயணிகள் விமானம் உயரத்தில் பறக்கும் வேகம். மீ/வி-க்கு மாற்றினால் எண் குறைய வேண்டும், ஏறக்குறைய கால் பங்குக்கு வர வேண்டும் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தவறு உடனே கண்ணில் படும்.

மாற்றாமல் விடுவதன் விளைவு எல்லாக் கணக்கிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டிருந்தால், 4 விநாடிக்குப் பதில் 14.4 என்று வரும், பிழை 3.6 மடங்கு. தூரக் கணக்கில் வேகம் வர்க்கமாகிறது, அதோடு பிழையும் வர்க்கமாகிறது. அதனால்தான் 40 மீட்டர் கிட்டத்தட்ட 13 மடங்காகி 518-இல் போய் நின்றது.

பாடநூல் கணக்குகளில் 36, 54, 72, 90 என்றே வேகங்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். எல்லாம் 18-இன் மடங்குகள்; முழு எண்ணாக மாறும். ஆனால் 50 கொடுத்தால் 13.888... என்று நீளும். அதை அப்போதே 14 என்று முழுமையாக்க வேண்டாம். 125/9 என்று பின்னமாகவே வைத்துக்கொண்டு, வர்க்கமாக்கி, கடைசியில் வகுத்தால் 19.3 மீட்டர் வரும். 14 என்று போட்டால் 19.6 ஆகிவிடும்.