பல்ஸ் ஆக்சிமீட்டர் டெண்டர்: தாளில் எதை எழுத வேண்டும், கையில் எதைச் சோதிக்க வேண்டும்

இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது என்பதை ஊசி குத்தாமல் காட்டும் கருவி பல்ஸ் ஆக்சிமீட்டர். விரலின் ஒரு பக்கத்திலிருந்து சிவப்பு ஒளியும் அகச்சிவப்பு ஒளியும் மாறி மாறிப் பாய்கின்றன. மறுபக்கத்தில் உள்ள உணரி இரண்டும் எவ்வளவு கடந்து வருகின்றன என்று அளக்கிறது. ஆக்சிஜன் ஏறிய இரத்தம் அகச்சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும், ஆக்சிஜன் இழந்த இரத்தம் சிவப்பு ஒளியைக் கூடுதலாகவும் உறிஞ்சும். தோலும் எலும்பும் உறிஞ்சும் அளவு மாறுவதில்லை. நாடித்துடிப்போடு ஏறி இறங்குவது தமனி இரத்தம் உறிஞ்சும் அளவு மட்டுமே. துடிக்கும் அந்தப் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு கிடைக்கும் என்ற வழியை 1970களின் தொடக்கத்தில் கண்டவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோயாகி.

இந்தக் கருவி இன்று மருந்துக் கடையிலும் கிடைக்கிறது. ஆனால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குத் தேவைப்படுவது வேறு வகை. அங்கே ஒரே கருவி பிரசவ அறையிலிருந்து பச்சிளங்குழந்தைப் பிரிவுக்கும், அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஆம்புலன்ஸுக்கும் போகும். கையில் எடுத்துச் செல்லக்கூடிய உடல் பகுதியும், கேபிளின் முனையில் கழற்றி மாட்டக்கூடிய ப்ரோபும் கொண்ட கருவியே இதற்கு ஏற்றது. அதை வாங்குவதற்கான தொழில்நுட்ப விவரக்குறிப்பைத் தயாரிப்பதில் மூன்று விஷயங்கள் முடிவைத் தீர்மானிக்கின்றன: துல்லியத்துக்கான சான்று, கடினமான நோயாளியிடம் கருவி நடந்துகொள்ளும் விதம், ப்ரோபுக்கு ஆகும் செலவு.

துல்லியம் எப்படி நிரூபிக்கப்பட்டது?

ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் தங்கள் கையேட்டில் "70 முதல் 100 வரை ±2 சதவீதம்" என்று அச்சிட்டிருக்கும். அந்த எண்ணை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. எண் எங்கிருந்து வந்தது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முறையான சோதனையில், ஆரோக்கியமான தன்னார்வலர்கள் சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜனைப் படிப்படியாகக் குறைத்து, அவர்களுடைய செறிவை ஏறத்தாழ 70 சதவீதம் வரை இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் தமனியிலிருந்து இரத்தம் எடுத்து, கோ-ஆக்சிமீட்டர் என்ற ஆய்வகக் கருவியில் உண்மையான செறிவை அளந்து, விரலில் மாட்டிய கருவி காட்டிய எண்ணோடு ஒப்பிடுவார்கள். வித்தியாசங்கள் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்தி, சராசரி எடுத்து, அதன் வர்க்கமூலத்தைக் கண்டால் கிடைப்பதே கருவியின் பிழை அளவு. பல்ஸ் ஆக்சிமீட்டருக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 80601-2-61, இந்த அளவு 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதல், விரலில் மாட்டும் ப்ரோபுகளுக்கு 3 சதவீதம் என்று இறுக்கியது. குறைந்தது 10 பேரிடமிருந்து 200 ஒப்பீட்டு அளவுகளையும் கேட்டது.

பிழை அளவு 3 என்றால் எந்த அளவும் 3 புள்ளிக்கு மேல் தவறாது என்று பொருளல்ல. ஏறத்தாழ மூன்றில் இரண்டு அளவுகள் 3 புள்ளிக்குள் இருக்கும். மீதி அதற்கு வெளியே போகலாம். திரையில் 92 தெரியும்போது உண்மை 89ஆகவோ 95ஆகவோ இருப்பது சாதாரணம். எப்போதாவது 86ஆகவும் இருக்கலாம். ஆக்சிஜன் கொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு 90, 92 என்ற எல்லைகளில்தான் எடுக்கப்படுகிறது. அதனால் இந்த எண் சிறிதாக இருப்பது நோயாளிக்கு நேரடியாக உதவுகிறது.

தோலின் நிறமும் இங்கே முக்கியம். மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவர்கள் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் உண்மைச் செறிவு 88க்குக் கீழே இருந்தது வெள்ளை நோயாளிகளிடம் 3.6 சதவீத அளவுகளில். கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீத அளவுகளில். கருநிறத் தோலில் கருவி உண்மையைவிட உயர்த்திக் காட்டும் வாய்ப்பு அதிகம். 2013 வழிகாட்டுதல் சோதனையில் இருவரோ 15 சதவீதத்தினரோ, எது அதிகமோ அந்த எண்ணிக்கையில் கருநிறத் தோலினர் இருந்தால் போதும் என்றது. தமிழ்நாட்டு மருத்துவமனை ஒன்று அந்தக் குறைந்தபட்சத்தோடு நிறைவடைய முடியாது. ஆகவே விவரக்குறிப்பில் இப்படி எழுதலாம்: "ஐஎஸ்ஓ 80601-2-61 படி தமனி இரத்த ஒப்பீட்டுடன் நடந்த சோதனையின் அறிக்கை இணைக்கப்பட வேண்டும், பங்கேற்றவர்களின் எண்ணிக்கையும், தோல்நிறப் பிரிவுவாரியாகப் பிழை அளவும் அதில் இருக்க வேண்டும், வழங்கப்படும் ப்ரோபின் மாடலே அந்தச் சோதனையில் பயன்பட்டிருக்க வேண்டும்."

பல நிறுவனங்கள் இந்த அறிக்கைக்குப் பதிலாகச் சிமுலேட்டர் சான்றிதழைத் தருவது வழக்கம். சிமுலேட்டர் என்பது விரலைப் போலப் போலி சமிக்ஞை கொடுக்கும் பெட்டி. கருவி உடைந்திருக்கிறதா, சமிக்ஞையைச் சரியாகக் கணக்கிடுகிறதா என்பதை அது சொல்லும். மனித விரலில் கருவி எவ்வளவு சரி என்பதை அதனால் சொல்ல முடியாது. ஆண்டுதோறும் பராமரிப்புச் சோதனைக்கு அது உதவும். துல்லியத்துக்கான சான்றாக ஏற்கக் கூடாது.

கடினமான நோயாளியிடம் கருவி என்ன செய்கிறது?

கருவி அதிகம் தேவைப்படும் நோயாளியிடம்தான் அதன் வேலை கடினமாகிறது. இரத்தம் இழந்து கைகால் குளிர்ந்த தாயின் விரலில் துடிப்பு மெலிதாக இருக்கும். குறைப்பிரசவக் குழந்தை காலை உதறிக்கொண்டே இருக்கும். இந்த இரண்டு நிலைகளுக்கும் விவரக்குறிப்பில் தனித்தனி நிபந்தனை வேண்டும். திரையில் துடிப்பின் அலைவடிவமும், துடிப்பின் வலிமையைக் காட்டும் பெர்ஃபியூஷன் இண்டெக்ஸும் தெரிய வேண்டும். அலை ஒழுங்கில்லாமல் துள்ளும்போது திரையில் உள்ள எண்ணை நம்பக் கூடாது என்று செவிலியர் கண்ணாலேயே அறிந்துகொள்வார். எண் மட்டும் காட்டும் கருவியில் அந்த வழி இல்லை.

அலாரத்துக்குக் கீழ் எல்லையும் மேல் எல்லையும் வேண்டும். ஆக்சிஜன் பெறும் குறைப்பிரசவக் குழந்தையின் செறிவைப் பொதுவாக 90 முதல் 95 வரை வைத்திருப்பார்கள். அளவுக்கு மீறிய ஆக்சிஜன் விழித்திரையைப் பாதித்துப் பார்வையைப் பறிக்கும் என்பதால், செறிவு 95ஐத் தாண்டினாலும் கருவி குரல் கொடுத்தாக வேண்டும். அவசரத்தில் எல்லைகளை மாற்றி வைத்தாலும், கருவியை அணைத்து மீண்டும் போடும்போது மருத்துவமனை நிர்ணயித்த எல்லைக்கே அது திரும்ப வேண்டும்.

எந்த விவரக்குறிப்பாலும் தீராத குறைகளும் உண்டு. புகையில் சிக்கியவரின் இரத்தத்தில் ஏறிய கார்பன் மோனாக்சைடைச் சாதாரணக் கருவி ஆக்சிஜன் என்றே கணக்கிடும்; உயிர் ஆபத்திலுள்ளவருக்கும் 98 காட்டும். அத்தகைய நோயாளிக்கு இரத்தப் பரிசோதனைதான் வழி.

செய்முறைச் சோதனை

தொழில்நுட்ப உறையும் விலை உறையும் தனித்தனியாகப் பெறப்படும் டெண்டரில், தொழில்நுட்பத் தகுதி பெற்றவர்களின் விலை உறை மட்டுமே திறக்கப்படும். எனவே மாதிரிக் கருவியை வார்டில் வைத்துச் சோதிப்பதை விலை திறக்கும் முன்பே முடித்துவிட வேண்டும். மயக்கவியல் மருத்துவர், குழந்தைநல மருத்துவர், செவிலியர், பயோமெடிக்கல் பொறியாளர் ஆகிய நால்வர் சேர்ந்தால் அரை நாளில் முடியும் வேலை இது.

ஊழியர் ஒருவரின் விரலில் ப்ரோபை மாட்டி, அதே கையின் மேற்பகுதியில் இரத்த அழுத்தமானிப் பட்டையைச் சுற்றி மெல்ல ஊத வேண்டும். அழுத்தம் ஏறத் துடிப்பு மெலியும். நல்ல கருவி ஒரு கட்டம் வரை அலையைப் பிடித்துக்கொண்டே போகும். பிறகு "சமிக்ஞை குறைவு" என்று அறிவித்து எண்ணை எடுத்துவிடும். மோசமான கருவி பழைய எண்ணையே திரையில் தொங்க விட்டிருக்கும். அடுத்து ப்ரோபை விரலிலிருந்து கழற்றி மேசைமேல் வைக்க வேண்டும். சில நொடிகளில் அலாரம் ஒலிக்க வேண்டும். மடித்த துணியையோ பென்சிலையோ ப்ரோபில் வைத்தால் எந்த எண்ணும் வரக் கூடாது. பச்சிளங்குழந்தை ப்ரோபை மஞ்சள்காமாலை ஒளி சிகிச்சை விளக்கின் கீழ் வைத்துப் பார்ப்பதும், மின் இணைப்பைப் பிடுங்கி மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று குறிப்பதும் இதே நாளில் நடக்கலாம். முடிவுகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே படிவத்தில் "தேர்ச்சி", "தேர்ச்சியில்லை" என்று பதிவாக வேண்டும். இந்தச் சோதனைகளை டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டி அறிவித்திருந்தால்தான் பின்னர் யாரும் ஆட்சேபிக்க இடமிருக்காது.

ஒரு நிறுவனத்தின் கையேட்டிலிருந்து எடையையும் திரை அளவையும் அப்படியே விவரக்குறிப்பில் எழுதுவது தவிர்க்க வேண்டிய தவறு. அது போட்டியை ஒருவருக்கு மட்டும் ஒதுக்கிவிடும். நோயாளிக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

விலையை எப்படி ஒப்பிடுவது?

முதலில் பழுதாவது ப்ரோபும் அதன் கேபிளும்தான். கேபிள் கட்டில் கம்பியில் சிக்கும், சக்கரத்தில் நசுங்கும், வளைந்து வளைந்து உள்கம்பி அறுந்துபோகும். கருவியின் வாரண்டி மூன்று ஆண்டு என்றாலும் ப்ரோபின் வாரண்டி பல நேரங்களில் சில மாதங்களே. மாற்று ப்ரோபின் விலையைக் கேட்காமல் கருவியின் விலையை மட்டும் ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகிவிடும்.

ஒரு கற்பனைக் கணக்கு இதைக் காட்டும். மருத்துவமனைக்கு 20 கருவிகள் தேவை. ஸ்டோர் பதிவேட்டின்படி ஒரு கருவிக்கு ஆண்டுக்கு இரண்டு மாற்று ப்ரோபுகள் செலவாகின்றன. ஐந்து ஆண்டுக்குப் பத்து. முதல் நிறுவனம் கருவியை 10,000 ரூபாய்க்குத் தருகிறது. அதன் ப்ரோப் 3,000 ரூபாய், வேறெவருடைய ப்ரோபும் அதில் பொருந்தாது. இரண்டாம் நிறுவனத்தின் கருவி 18,000 ரூபாய். ப்ரோப் 1,400 ரூபாய். வாரண்டி முடிந்தபின் இரண்டு ஆண்டுப் பராமரிப்புக்கு இரண்டும் ஆண்டுதோறும் கருவி விலையில் 5 சதவீதம் கேட்கின்றன.

முதல் நிறுவனத்தின் ஒரு கருவிக்கு ஐந்து ஆண்டில் 10,000, ப்ரோபுக்கு 30,000, பராமரிப்புக்கு 1,000 என மொத்தம் 41,000 ரூபாய். இரண்டாவதற்கு 18,000, 14,000, 1,800 என 33,800 ரூபாய். இருபது கருவிகளுக்கு முதலாவது 8,20,000, இரண்டாவது 6,76,000. கருவி விலையை மட்டும் பார்த்திருந்தால் 2,00,000 ரூபாய் கேட்ட முதல் நிறுவனமே 3,60,000 கேட்ட இரண்டாவதை வென்றிருக்கும். பிறகு ஆண்டுதோறும் ப்ரோப் வாங்கப் பணமில்லாமல், நல்ல நிலையில் உள்ள கருவிகள் அலமாரியில் முடங்கியிருக்கும்.

ஆகவே விலைப்பட்டியலிலேயே கருவி, பெரியவர் ப்ரோப், குழந்தை ப்ரோப், பச்சிளங்குழந்தை ப்ரோப், மின்கலம், பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிசை வேண்டும். ப்ரோபின் விலை ஐந்து ஆண்டுக்கு மாறாது என்ற உறுதியும், மதிப்பீடு ஐந்தாண்டு மொத்தச் செலவின்படி நடக்கும் என்ற அறிவிப்பும், அதற்கான சூத்திரமும் டெண்டர் ஆவணத்தில் இடம்பெற வேண்டும்.

கருவிகள் வந்து சேர்ந்ததும், பெட்டியில் உள்ள ப்ரோபின் மாடல் எண் சோதனை அறிக்கையில் உள்ள எண்தானா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும். அறிக்கை ஒரு ப்ரோபுக்கும் பெட்டியில் வந்திருப்பது இன்னொன்றுமாக இருந்தால், நிரூபிக்கப்பட்ட துல்லியம் அந்தக் கருவிக்குப் பொருந்தாது. அந்தப் பெட்டியை ஏற்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். சரிபார்ப்பும், ஒவ்வொரு வார்டுச் செவிலியருக்கும் பயிற்சியும் முடிந்து கையெழுத்தான பிறகே நிறுவனத்துக்குப் பணம் வழங்கப்பட வேண்டும்.